சார்ஜ் ஏறாத ஸ்மார்ட்வாட்ச்சின் பின்பக்கத்தைத் திறக்க விடாதீர்கள்

என் வாட்ச்சை அதன் சார்ஜிங் டாக்கில் வைத்தால் சார்ஜ் அடையாளம் வரும், உடனே போய்விடும். கடையில் கொடுத்தேன். டாக்கை எடுத்துக்கூடப் பார்க்காமல் "பேட்டரி போச்சு" என்றார்கள். மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வைத்தால் அதே கதை. திரும்பப் போனபோது, "அப்போ டாக்தான்" என்று புது டாக் ஒன்றையும் விற்றார்கள்.

அந்தப் புது டாக்கில் விரலால் அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் நிற்கும். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே காந்தத்தை ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டியிருக்கிறார்கள். அது இழுக்கும் இடத்தில் வாட்ச் உட்கார்ந்தால் டாக்கின் குட்டி உலோகப் பின்கள் வாட்ச்சின் உலோகப் புள்ளிகளுக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன. காந்தம் பிடித்துவிட்டது என்பதற்காக பின் தொட்டுவிட்டது என்று நம்பக்கூடாது.

அப்புறம் பழைய டாக்கை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. மற்றவற்றைவிடத் தாழ்ந்தும் இருந்தது. வியர்வையோடு கழற்றி அப்படியே டாக்கில் வைப்பது என் பழக்கம். உப்பு ஈரத்தில் மின்சாரம் பாயும்போது பாசிட்டிவ் பின்தான் முதலில் அரிக்கும். மேல்பூச்சு போனதும் அடியில் உள்ள செம்புக் கலவை பச்சை பிடித்து, உள்ளிருக்கும் குட்டி ஸ்பிரிங்கும் சிக்கிக்கொள்ளும்.

கேபிளைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். மரப் பல்குச்சியால் அந்தப் பின்னைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக அழுத்தி விட்டதும் மேலே எழும்பியது. நன்றாகக் காயவிட்டு வைத்தேன், ஏறிவிட்டது. பூச்சு போன அந்தப் பின் மறுபடி அரிக்கத்தான் செய்யும், அதனால் நல்ல டாக் ஒன்று வாங்கத்தான் வேண்டும். ஆனால் பேட்டரியில் கை வைத்திருக்கவே தேவையில்லை.

பேட்டரி தளர்ந்திருந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறும், சீக்கிரம் இறங்கிவிடும். அடையாளம் வந்து வந்து போனால் முதலில் டாக்கைச் சந்தேகப்படுங்கள். கேபிள் டாக்கோடு சேரும் இடத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். அப்போது மட்டும் ஏறினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அடாப்டரில் 5V 1A என்றாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நன்றாக வேலை செய்யும் வேறொன்றிலும் செருகிப் பாருங்கள். கடையில் கொடுப்பதானால், அதே மாடலின் நல்ல டாக்கில் உங்கள் கண்முன் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாட்ச்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எனக்குப் போனது பணம் மட்டுமில்லை. பின்மூடியைத் திறந்தவர்கள், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தவில்லை. இப்போது கை கழுவினாலே கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிகிறது.