துரந்தா படத்தைக் காட்டி என் வெட்சி வேலியை மொட்டையடித்தவர்: ஓர் எச்சரிக்கை

தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் வாசலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை, பாதையோரமாக ஏறத்தாழ 40 அடி நீளத்துக்கு வெட்சிச் செடியை வேலியாக வளர்த்திருந்தோம். இட்லிப்பூ என்று எல்லோரும் சொல்லும் அதே சிவப்புப் பூச்செடிதான். ஆறு ஆண்டு வளர்ந்து நாலரை அடி உயரத்துக்கு வந்துவிட்டது. உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, இடைவெளி தெரியாமல் அடர்த்தியாக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் எண்ணம். அதற்காகச் சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதே வேலையை அதே விதமாகச் செய்பவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள்.

வந்தவர் தம் கைபேசியில் சில படங்களைக் காட்டினார். பெட்டியைக் கவிழ்த்தாற்போல் நேர்த்தியாக வெட்டப்பட்ட, உள்ளே விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமான மஞ்சள் வேலி. "ஒரே மாசத்துல இப்படி ஆயிடும் சார்" என்றார். அந்தப் படத்தில் இருந்தது வெட்சி அல்ல, பொன்னிறத் துரந்தா என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வேலி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்து 4,000 ரூபாய்க்குச் சம்மதித்தேன். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

துரந்தா வேகமாக வளரும் செடி. வெயில் நன்றாகப் படும் இடத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மேலோட்டமாக வெட்டினாலும் தாங்கும். இலை சிறியது என்பதால் இயந்திரம் போகிற போக்கில் சில இலைகளைப் பாதியாக நறுக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அழகே இலையில்தான் என்பதால் பூ போனாலும் வருத்தமில்லை. வெட்சி இவை எல்லாவற்றிலும் நேரெதிர். மெதுவாக வளரும், இலை பெரியது, தடித்தது, பூங்கொத்து ஒவ்வொரு கிளையின் நுனியில்தான் வரும். நுனியை வெட்டும்போதெல்லாம் அடுத்து வரவேண்டிய பூவையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

அன்று நடந்தது இதுதான். பெட்ரோலில் ஓடும் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு, நாலரை அடி வேலியை ஒரே நாளில் இரண்டரை அடியாக்கினார். பக்கவாட்டில் கீழ்ப்பகுதியை உள்ளே தள்ளி வெட்டினார். கேட்டதற்கு, பாதையைப் பெருக்க வசதியாக இருக்கும் என்றார். முடிந்தபோது வேலி மேலே இரண்டடி அகலம், அடியில் ஓரடி அகலம் என்று கவிழ்ந்த கூடைபோல் அல்லாமல் நிமிர்ந்த கூடைபோல் நின்றது. கத்தியில் கூர் இல்லாததால் பல கிளைகளின் முனை வெட்டுப்படாமல் நார்நாராகக் கிழிந்திருந்தது. நான்கு நாளில் நறுக்குண்ட இலைகளின் ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோல் பழுப்பாயின. இத்தனை நாள் இலை நிழலில் இருந்த தண்டுகள் சித்திரை வெயிலில் நேராக நின்றதால், மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்துக் காய்ந்தது.

ஜூன் கடைசியில் பார்த்தால் துளிர் வந்திருந்தது, ஆனால் மேல் அரையடியில் மட்டும். கீழே ஒன்றரை அடிக்கு வெறும் குச்சி. ஒப்பந்தக்காரர், மழை வந்தால் சரியாகிவிடும் என்று சொன்னார். பாதிப் பணத்தையாவது திருப்பித் தரும்படி கேட்ட பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேலிக்கு மறுகோடியில் எங்களிடம் நான்கு துரந்தாச் செடிகளும் உண்டு. அவற்றையும் அவர் அதே நாளில் அதே வெறியோடு வெட்டினார். அவை மே மாதக் கடைசிக்குள் ஒன்றும் நடவாததுபோல் தழைத்துவிட்டன. அவர் தம் வேலையில் தவறில்லை என்று உண்மையாகவே நம்பியிருக்கவும் கூடும்.

பிறகு, நாற்றங்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்து விளக்கினார். வெட்சியில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒவ்வோர் இலைக் காம்பின் மடியிலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நுனி இருக்கும்வரை அது கீழுள்ள மொட்டுகளை எழவிடாது. கணுவுக்குச் சற்று மேலே, அரை சென்டிமீட்டர் விட்டு, கூரான கத்தரியால் நறுக்கினால் அந்தக் கணுவின் இரண்டு மொட்டுகளும் எழுந்து, ஒரு கிளை இரண்டாகும். அடர்த்தி என்பது இப்படி இரட்டித்து இரட்டித்து வருவதுதான். ஒரேயடியாகக் குட்டையாக்குவதால் வருவதல்ல. அதிலும் வெட்டுக்குக் கீழே இலை இருக்க வேண்டும். இலையில்லாத முற்றிய கட்டையிலிருந்தும் வெட்சி துளிர்க்கும், ஆனால் தாமதமாக, அதுவும் வெளிச்சம் பட்டால்தான். எங்கள் வேலியில் மேற்பகுதி அகலமாகக் குடைபிடித்து நின்றதால் அடியில் வெளிச்சமே விழவில்லை. அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், இரவு மழை இரண்டு மூன்று பெய்து மண் ஈரமான பிறகு, அவர் சொன்னபடி மறுபடி கவாத்து செய்தோம். இயந்திரம் இல்லை, கைக்கத்தரியும் இரண்டு கயிறுகளும் மட்டும். அடியில் இரண்டடி அகலம் வரவேண்டிய கோட்டில் ஒரு கயிறு, மேலே ஒன்றேகால் அடி அகலத்துக்கு ஒரு கயிறு கட்டி, அந்தச் சாய்வுக்கு வெளியே நின்ற மேல் துளிர்களை மட்டும் கணு பார்த்து எடுத்தோம். கீழ்ப்பகுதியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு செடியிலும் ஆறேழு தடித்த தண்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டை மட்டும் தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் வெட்டினோம். மற்றவை இலையோடு நின்று செடிக்குச் சோறு போட வேண்டும் அல்லவா? ஒரே தவணையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதில் பெரியவர் கண்டிப்பாக இருந்தார்.

வெட்டிய அடித்தண்டுகளில் நான்காம் வாரம் செம்புநிறத் துளிர் தெரிந்தது. அது மூன்று நான்கு இணை இலை விட்டதும் நுனியை விரலால் கிள்ளினேன்; அக்டோபரில் இன்னொரு முறை. அதன்பின் கத்தரியை எடுக்கவில்லை, ஏனென்றால் கிள்ளிக்கொண்டே இருந்தால் நுனி முற்றிப் பூ வைக்க நேரமே கிடைக்காது. மாதாமாதம் வெட்டித் தருகிறோம் என்று வெட்சி வேலிக்கு ஒப்பந்தம் பேசுபவர், பூக்காத வேலிக்குத்தான் உங்களிடம் பணம் வாங்குகிறார். ஆண்டுக்கு இரண்டு முறை, பெரிய பூப்பு ஓய்ந்ததும், வாடிய கொத்தோடு ஓரிரு கணு சேர்த்து வெட்டுவது போதும்.

ஆகவே யாரையாவது அமர்த்துவதற்கு முன், அவர் காட்டும் படத்தில் இருக்கும் செடி உங்கள் செடிதானா என்று பாருங்கள். எந்த மாதம் வெட்டுவார், எவ்வளவு எடுப்பார், அடி அகலமா மேல் அகலமா என்று கேளுங்கள். சித்திரையிலும் வெட்டலாம் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். பணத்தின் பாதியையாவது ஆறு வாரம் கழித்து, அடித்துளிரைப் பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். நான் முழுவதையும் அன்றைக்கே கொடுத்தேன்.

இப்போது வேலியின் கிழக்குப் பக்கம் தரைவரை மூடிவிட்டது. பட்டை வெடித்த மேற்குப் பக்கத்தில் மூன்று செடிகள் இன்னும் அடியில் வெறுமையாகவே நிற்கின்றன. வருகிற ஆகஸ்டில் அவற்றில் மேலும் இரண்டு தண்டுகளை இறக்கிப் பார்க்க வேண்டும்.