இரண்டு சிகிச்சைக் குழுக்களை ஒப்பிட எந்தச் சோதனை: லாக்-ராங்க்கா, கெஹான்-வில்காக்ஸனா?

ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆனது என்பதில் இரு குழுக்களை ஒப்பிடும் புள்ளியியல் சோதனைகள் இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு சோதனைக்கு வலுவான காரணம் இல்லாதவரை லாக்-ராங்க்கையே எடுங்கள். ஏன் என்பதை உண்மையான தரவில் பார்ப்பதுதான் நல்லது. 1963-இல் வெளியான லுகேமியா ஆய்வு இதற்குப் பொருத்தமானது. எல்லாவற்றையும் கையாலேயே கணக்கிட்டுவிடலாம் என்கிற அளவுக்குச் சிறியது. ஆர் மென்பொருளில் `MASS` தொகுப்புக்குள் `gehan` என்ற பெயரில் இருக்கிறது.

நோய் தணிந்த நிலைக்கு வந்த 42 பேரில் 21 பேருக்கு மெர்காப்டோபியூரின், 21 பேருக்கு வெற்று மாத்திரை. நோய் எத்தனையாவது வாரத்தில் திரும்பியது என்பதே கேள்வி. இங்கே "நிகழ்வு" என்பது மரணம் அல்ல, நோய் திரும்புவது. கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். வெற்று மாத்திரைக் குழுவில் 21 பேருக்கும் நோய் திரும்பிவிட்டது. மருந்துக் குழுவில் 9 பேருக்குத் திரும்பியது. மற்ற 12 பேருக்குக் கடைசியாகப் பார்த்த வாரம்வரை திரும்பவில்லை, அதன்பின் என்ன ஆனது என்று தெரியாது. இந்த 12 பேரைத்தான் சென்சார் ஆனவர்கள் என்கிறோம். இவர்களை எப்படி நடத்துகிறது என்பதில்தான் ஒரு சோதனை இன்னொன்றிலிருந்து பிரிகிறது.

"ஒரு குறிப்பிட்ட வாரத்தில் எத்தனை சதவீதம் பேர் நலமாக இருந்தார்கள்" என்று கேட்டு கை-ஸ்கொயர் போடுவது எளிதான வழி. அதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 21-ஆம் வாரத்தின் முடிவில் மருந்துக் குழுவைப் பாருங்கள்: 7 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது, 7 பேர் இன்னும் நலம், 7 பேர் அதற்குள் சென்சார் ஆகிவிட்டார்கள். அந்த ஏழு பேரை நலம் என்று எண்ணினால் 67 சதவீதம், நோய் திரும்பியவர்கள் என்று எண்ணினால் 33 சதவீதம், தூக்கிப்போட்டால் 50 சதவீதம். சென்சார் ஆனவர்களை இருந்த காலம்வரை மட்டும் கணக்கில் எடுக்கும் கப்லான்-மயர் மதிப்பீடோ 63 சதவீதம் என்கிறது. சென்சார் இருக்கும் தரவில் இந்த வழி வேண்டாம்.

இனி லாக்-ராங்க். இதன் உள்ளே ஓடுவது ஒரே ஒரு கேள்வி. ஒரு வாரத்தில் நோய் திரும்பியிருக்கிறது. மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை என்றால், அந்த நிகழ்வுகளில் எத்தனை எந்தக் குழுவில் விழுந்திருக்க வேண்டும்? அந்த வாரம் தொடங்கும்போது கண்காணிப்பில் இருந்தவர்களின் விகிதப்படி விழுந்திருக்க வேண்டும். அதுதான் எதிர்பார்ப்பு எண்ணிக்கை.

```
E = d * n1 / n
V = n1 * n2 * d * (n - d) / (n^2 * (n - 1))
```

`n1` என்பது நாம் பார்க்கும் குழுவில் அந்த நேரத்தில் இருப்பவர்கள், `n2` மற்ற குழுவில் இருப்பவர்கள், `n` இரண்டும் சேர்ந்தது, `d` அந்த நேரத்தில் நடந்த மொத்த நிகழ்வுகள். `E` எதிர்பார்ப்பு எண்ணிக்கை, `V` நடந்ததற்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலால் எவ்வளவு அலையும் என்பதன் அளவு.

வெற்று மாத்திரைக் குழுவின் கண்ணோட்டத்தில் போவோம். முதல் வாரத்தில் 21-க்கு 21 பேர், நிகழ்வு 2. எதிர்பார்ப்பு 2 × 21 / 42 = 1. நடந்ததோ இரண்டும் இந்தக் குழுவில்தான், ஆகவே வித்தியாசம் +1. இரண்டாம் வாரத்தில் இந்தக் குழுவில் 19 பேர், மொத்தம் 40 பேர், நிகழ்வு 2. எதிர்பார்ப்பு 0.95, நடந்தது 2.

ஆறாம் வாரம் கவனிக்க வேண்டிய இடம். இந்தக் குழுவில் 12 பேர், மருந்துக் குழுவில் 21 பேர் முழுதாக இருக்கிறார்கள். நிகழ்வு 3, மூன்றும் மருந்துக் குழுவில். இங்கே எதிர்பார்ப்பு 3 × 12 / 33 = 1.09, நடந்தது 0. அதே ஆறாம் வாரத்தில் மருந்துக் குழுவில் ஒருவர் சென்சார் ஆகிறார். அந்த வாரக் கணக்கில் அவரும் உண்டு. நிகழ்வுகளை எண்ணி முடித்த பிறகே அவரை வெளியே விட வேண்டும். கையால் போடுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அவரை முன்கூட்டியே நீக்கினால் 33 என்பது 32 ஆகி, எதிர்பார்ப்பு 1.125 ஆகிவிடும். ஏழாம் வாரத்தில் மருந்துக் குழு 17 பேராகக் குறைகிறது: மூவர் நோயால், ஒருவர் சென்சாரால்.

சென்சார் ஆனவர் தான் இருந்த வாரம்வரை கண்காணிப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கையில் முழு மனிதராக எண்ணப்படுகிறார், அதன்பின் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்வதில்லை. யாருடைய விதியையும் ஊகிக்க வேண்டியதில்லை. நிகழ்வே இல்லாத வாரங்கள் கணக்குக்குள் வருவதும் இல்லை.

இப்படி 17 நிகழ்வு நேரங்களையும் முடித்தால் வெற்று மாத்திரைக் குழுவின் எதிர்பார்ப்பு 10.75, நடந்தது 21. மருந்துக் குழுவின் எதிர்பார்ப்பு 19.25, நடந்தது 9. வித்தியாசம் 10.25, V-க்களின் கூட்டுத்தொகை 6.26. 10.25-ஐ வர்க்கப்படுத்தி 6.26-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.8 வரும். பி-மதிப்பு சுமார் 0.00004.

```
library(survival)
data(gehan, package = "MASS")
survdiff(Surv(time, cens) ~ treat, data = gehan)
```

வெளியீட்டில் `(O-E)^2/E`, `(O-E)^2/V` என்று இரண்டு பத்திகள் வரும். O என்பது நடந்த எண்ணிக்கை. முதல் பத்தியின் இரண்டு எண்களையும் கூட்டினால் 15.2 வரும். அது பழைய குறுக்குவழி, விடையைச் சற்றுக் குறைத்தே காட்டும். கீழே அச்சாகும் 16.8 இரண்டாவது பத்தியிலிருந்து வருவது, அதையே எழுதுங்கள்.

இதற்குப் போட்டி கெஹான்-வில்காக்ஸன். கணக்கு கிட்டத்தட்ட இதேதான். ஒவ்வொரு நேரத்தின் வித்தியாசத்தையும் கூட்டுமுன், அந்த நேரத்தில் கண்காணிப்பில் இருந்த மொத்த ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. முதல் வாரத்துக்கு எடை 42, கடைசி நிகழ்வு நேரமான 23-ஆம் வாரத்துக்கு எடை 7. இதே தரவில் விடை 13.5, பி-மதிப்பு சுமார் 0.0002. இரண்டும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கின்றன. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் ஐந்து வாரங்கள் லாக்-ராங்க்கின் மொத்த வித்தியாசத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தருகின்றன. கெஹானில் அதே ஐந்து வாரங்களின் பங்கு 70 சதவீதம்.

ஆரம்ப வேறுபாடு முக்கியமென்றால் இது நல்லதுதானே என்று கேட்கலாம். தொடக்கத்தில் ஆட்கள் அதிகம், தகவல் உறுதியானது என்ற வாதமும் நியாயம்தான். ஆனால் எனக்குத் தீர்மானமாகப் படுவது வேறொன்று. அந்த எடை எதனால் குறைகிறது? நோய் திரும்புவதாலும் குறைகிறது, சென்சாராலும் குறைகிறது. இரண்டாவது காரணத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

மூன்று வருடங்களாக ஆள் சேர்க்கும் ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை முடிந்த கையோடு கணக்குப் போட்டால், கடைசியாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் சில மாதங்களிலேயே சென்சார். பிந்தைய மாதங்களில் ஆள் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது, கெஹானின் எடையும் கூடவே சரிகிறது. இரண்டு வருடம் கழித்து அதே ஆட்களை வைத்து மறுபடி போட்டால் எடைகள் மாறிவிடும். மருந்து அதேதான், நோயும் அதேதான், ஆனால் சோதனை அளக்கும் பொருள் மாறிவிட்டது. எப்போது தரவை மூடினோம், எவ்வளவு வேகமாக ஆள் சேர்த்தோம் என்பவை விடைக்குள் நுழைந்துவிடுகின்றன. லாக்-ராங்க்கில் எல்லா நேரத்துக்கும் எடை 1. ஹசார்டு விகிதம், அதாவது இரு குழுக்களிலும் நிகழ்வு நேரும் வேகங்களின் விகிதம், காலம் முழுவதும் ஏறத்தாழ மாறாமல் இருந்தால், முன்னே மூடினாலும் பின்னே மூடினாலும் அது அதே ஒன்றைத்தான் தேடுகிறது. பின்னால் மூடினால் துல்லியம் கூடும்.

இன்னொரு அனுகூலமும் உண்டு. 9/19.25-ஐ 21/10.75-ஆல் வகுத்தால் 0.24. மருந்துக் குழுவில் நோய் திரும்பும் வேகம் மற்றதில் சுமார் கால் பங்கு என்று மருத்துவரிடம் நேராகச் சொல்லலாம். இது தோராயம்தான், அறிக்கையில் காக்ஸ் மாதிரியின் மதிப்பைக் கொடுங்கள். ஆனாலும் O-வும் E-யும் நேரடியாகப் பேசும் எண்கள். கெஹானின் எடையிட்ட கூட்டுத்தொகை 271, அதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது?

எடை தேவைதான் என்றால் பீட்டோ-பீட்டோ வடிவம் மேல். அதன் எடை ஆள் எண்ணிக்கையிலிருந்து வருவதில்லை, இரு குழுவையும் சேர்த்துப் போட்ட உயிர்பிழைப்பு மதிப்பீட்டிலிருந்து வருகிறது. ஆகவே சென்சாரின் தாக்கம் அதில் குறைவு. `survdiff`-இல் `rho = 1` கொடுத்தால் கிடைப்பது இதுவே. அதைக் கெஹான் என்று நினைத்து அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

ஓடவிட்டதும் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று உண்டு. இரு குழுக்களின் O-க்களைக் கூட்டினால் மொத்த நிகழ்வுகள் வர வேண்டும், E-க்களைக் கூட்டினாலும் அதே எண் வர வேண்டும். இங்கே இரண்டும் 30. O-க்களின் கூட்டு 12 என்று வந்தால் 0, 1 குறியீட்டைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள். சென்சாரை நிகழ்வாக எண்ணிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் பிழை எதுவும் காட்டாது. E-க்களின் கூட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், குறியீடு தலைகீழானாலும் O-வும் E-யும் ஒத்துப்போகும்.

இந்தத் தரவைப் பற்றி ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும். உண்மை ஆய்வு இணை இணையாக நடந்தது. ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெற்று மாத்திரை. மேலே போட்ட கணக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. `+ strata(pair)` சேர்த்தால் ஒவ்வோர் இணைக்குள்ளும் முதலில் யாருக்கு நோய் திரும்பியது என்பது மட்டும் எண்ணப்படும். இருவர் இருக்கையில் எதிர்பார்ப்பு எப்போதும் அரை. 21 இணைகளில் 18-இல் வெற்று மாத்திரைக்காரருக்கே முதலில் திரும்பியது. ஆகவே 18 − 10.5 = 7.5, V 5.25, விடை 10.7. தீர்ப்பு மாறவில்லை, எண் குறைந்துவிட்டது. ஆய்வின் வடிவமைப்பில் இணை இருந்தால் கணக்கிலும் இருப்பதுதான் முறை.

லாக்-ராங்க் தோற்கும் இடம் இரு குழுக்களின் உயிர்பிழைப்புக் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்போது. முன்பாதியில் வந்த கூட்டல் வித்தியாசத்தைப் பின்பாதியின் கழித்தல் தின்றுவிடும்; பெரிய வேறுபாடு இருந்தும் விடை சிறிதாக வரும். O − E-யை நேர வரிசையில் கூட்டிக்கொண்டே போனால் இது தெரிந்துவிடும். நம் தரவில் அந்தக் கூட்டு ஐந்தாம் வாரத்தில் 4.9, எட்டில் 5.7, பன்னிரண்டில் 7.9, கடைசியில் 10.25. இடையில் சிறு இறக்கங்கள் உண்டு, திசை ஒன்றுதான். ஏறிவிட்டுப் பூஜ்யத்தை நோக்கித் திரும்பினால் லாக்-ராங்க்கின் பி-மதிப்பை நம்பாதீர்கள்.

புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சைகளில் சில மாதங்கள் கோடுகள் ஒட்டியே போய்ப் பின்னர் பிரிவது உண்டு. அங்கே லாக்-ராங்க் வலுவிழக்கும். ஆரம்பத்துக்கு எடை கூட்டும் கெஹான் இன்னும் மோசம். பின்பகுதிக்கு எடை தரும் ஃபிளெமிங்-ஹாரிங்டன் வகை அங்கே உதவக்கூடும். ஆனால் அதன் எடையைத் தரவைப் பார்க்குமுன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும். கோட்டைப் பார்த்துவிட்டு எடையைத் தேர்ந்தால் கிடைக்கும் பி-மதிப்புக்குப் பொருள் கிடையாது.