தரவரிசையா, சந்தை விலையா, புள்ளி முறையா: பணி மதிப்பீட்டுக் குறிப்பு எழுதுவோருக்கு ஓர் அலசல்

சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் உறைந்த உணவை விநியோகிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்துக்காக அண்மையில் பணி மதிப்பீட்டுக் குறிப்பு ஒன்றைத் தயாரித்தோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. நான் புள்ளி முறையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கமே இப்போதும் சாய்கிறேன்.

எல்லாப் பணிகளையும் மேலிருந்து கீழாக அடுக்கும் தரவரிசை முறை எளிது, விரைவானது. இருபது பணிகளுக்கு உட்பட்ட நிறுவனத்துக்கு அதுவே போதும். சந்தை விலை முறையில், மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் தொழில்வாரிச் சம்பள விவரங்களை எடுத்து, நம் பணிக்கு நெருங்கிய பெயரைத் தேடிப் பொருத்துகிறோம். ஆள் கிடைப்பதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அது நன்றாகச் சொல்லும். ஆனால் ‘மேற்பார்வையாளர்’ என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு சுமைகள் ஒளிந்திருக்கும்போது, ஒரு பணி ஏன் இன்னொன்றுக்கு மேலே நிற்கிறது என்று கேட்பவருக்கு அதனிடம் பதில் இல்லை.

புள்ளி முறையில் பொறுப்புக்கு 450, திறனுக்கு 400, வேலைச் சூழலுக்கு 150 என மொத்தம் 1,000 புள்ளிகள் வைத்தோம். ஒவ்வொன்றையும் சம அளவில் ஐந்து நிலைகளாகப் பிரித்தோம். கழித்தல் 18 பாகைக் குளிர் அறையில் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் மேற்பார்வையாளர் பணி, பொறுப்பில் மூன்றாம் நிலை (270), திறனில் இரண்டாம் நிலை (160), சூழலில் ஐந்தாம் நிலை (150) எனக் கூட்டி 580 பெற்றது. கணக்குப் பிரிவு நிர்வாகி பணி 270, 240, 30 எனக் கூட்டி 540 பெற்றது. நான்காம் சம்பளத் தரம் 560இல் தொடங்கியதால் மேற்பார்வையாளர் பணி அதிலும், நிர்வாகி பணி மூன்றாம் தரத்திலும் அமைந்தன.

இந்த எண்களைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. சூழலுக்கு 50 புள்ளிகளை மட்டும் கொடுத்துத் திறனுக்கு 500 கொடுத்திருந்தால் மேற்பார்வையாளர் 520, நிர்வாகி 580 என வரிசை தலைகீழாகியிருக்கும். ஆகவே காரணிகளின் எடைகளையும் தரங்களின் எல்லைகளையும், எந்தப் பணிக்கும் புள்ளியிடுவதற்கு முன்பே தேதியிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் எல்லைக் கோடு நகர்த்தப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க, அந்தத் தேதியையும் புள்ளித்தாளின் தேதியையும் ஒப்பிட்டாலே போதும். புள்ளியிடும்போது அந்த நாற்காலியில் யாரும் இல்லை என்று எண்ணிக்கொள்வதும் அவசியம். மதிப்பிடப்படுவது பணி, அதில் இருப்பவரின் உழைப்போ சேவைக்காலமோ அல்ல.

எனினும், என்னைப் புள்ளி முறையின் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். குளிர் அறையில் தானியங்கி அடுக்குகளைப் பொருத்தி, வெளியிலிருந்தே இயக்க ஏற்பாடு செய்தால் மேற்பார்வையாளரின் சூழல் ஐந்தாம் நிலையிலிருந்து இரண்டுக்கு (60) இறங்கும். கட்டுப்பாட்டு மென்பொருளை இயக்க வேண்டியிருப்பதால் திறன் மூன்றாம் நிலைக்கு (240) உயரும். மொத்தம் 570. தரம் மாறவில்லை, ஆனால் அதற்கான காரணம் மாறிவிட்டது; அது தாளில் இரண்டு வரிகளில் பதிவாகிவிடும், மற்றப் பணிகளைத் தொட வேண்டியதில்லை. தரவரிசை முறையில் பட்டியல் முழுவதையும் மீண்டும் அடுக்க நேர்ந்திருக்கும். சந்தை விலை முறையிலோ, புதிய பெயரைத் தேடுவதிலேயே விவாதம் தொடங்கிவிடும்.

பராமரிப்பில் பலர் தவறவிடும் இடம் குளிர் அறை அலவன்ஸ். சூழலுக்காக 150 புள்ளிகளும் கொடுத்து, அதே குளிருக்கு மாதாந்தர அலவன்ஸும் கொடுத்தால் ஒரே சுமைக்கு இருமுறை ஊதியம் போகிறது. அடுத்த தணிக்கையில் நிர்வாகி பணியில் இருப்பவர் எழுப்பும் கேள்விக்கு எந்த விடையும் நிற்காது. அலவன்ஸ் வழியைத் தேர்ந்தால், சூழல் புள்ளியை முதல் நிலையில் (30) நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளர் பணி 460 பெற்று மூன்றாம் தரத்துக்கு வரும், அலவன்ஸ் தனியாக நிற்கும். இரண்டும் சமமல்ல. வேலை நியமனச் சட்டத்தின்படி கூடுதல் நேர ஊதியம் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது, அலவன்ஸ் அதில் சேராது. எனவே அச்சட்டத்தின்படி கூடுதல் நேர ஊதியத்துக்குத் தகுதியுள்ள பணியாக இருந்தால், அலவன்ஸாகப் பெறுபவர் ஒவ்வொரு கூடுதல் மணியிலும் சற்றுக் குறைவாகவே பெறுவார். மறுபுறம், குளிர் நீங்கினால் அலவன்ஸை நிறுத்தலாம்; அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பது எளிதல்ல. குளிர் நிலையானது என்றால் தரத்தில் சேர்ப்பதையும், தற்காலிகமானது என்றால் அலவன்ஸையும் நான் பரிந்துரைப்பேன்.

மென்பொருள் நிறுவனங்களில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கு பணியின் எல்லை ஒவ்வொரு திட்டத்துக்கும் மாறுவதால், சந்தை விலை முறை முந்தக்கூடும் என்று நினைக்கிறேன். கிடங்கு, சமையற்கூடம், அலுவலகம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் இடங்களில் என் தேர்வு புள்ளி முறையே. அங்கும், எல்லைக் கோட்டிலிருந்து 30 புள்ளிகளுக்குள் நிற்கும் பணிகளை, அதாவது சூழல் காரணியின் ஒரு நிலை மாறினாலே தரம் தாண்டக்கூடியவற்றை, இரண்டாவது குழு தனியாக மறுமதிப்பீடு செய்ய வேண்டும். மேலே சொன்ன 580, 540 இரண்டுமே அந்த வரையறைக்குள் வந்தன. இரண்டையும் மறுபடி புள்ளியிட்ட பிறகே குறிப்பில் சேர்த்தோம்.