"வார்த்தைக்கு எவ்வளவு?" என்றார், 6,600 ரூபாய் போனது

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

மார்ச் மாதம் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "சார், இங்கிலீஷ் டு தமிழ், வார்த்தைக்கு எவ்வளவு?" பெயர் இல்லை, என்ன கோப்பு என்றும் இல்லை. அந்த மாதம் கையில் வேலை இல்லாததால் யோசிக்காமல் "2 ரூபாய்" என்று பதில் போட்டேன். "ஓகே டன்" என்றார். எனக்கோ ஏக சந்தோஷம்.

வந்தது தண்ணீர் மோட்டார் ஒன்றின் கையேடு, 46 பக்கம், அதுவும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பாதிப் பக்கங்களில் அட்டவணை. அதையெல்லாம் நானே அடித்து, கட்டம் போட்டு, பத்து நாளில் கொடுத்தேன். ஆங்கிலத்தில் 11,400 வார்த்தை. 22,800 ரூபாய்க்குப் பில் அனுப்பினேன்.

வந்த பணம் 16,200. கேட்டால், "தமிழில் 8,100 வார்த்தைதானே சார் இருக்கு?" என்றார்.

அவர் எண்ணியதில் தப்பில்லை. தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'ஆஃப்டர் ஸ்விட்சிங் ஆஃப் தி மோட்டார்' ஐந்து வார்த்தை; 'மோட்டாரை அணைத்தபின்' இரண்டே. எந்த மொழியின் வார்த்தை என்று நான் சொல்லவில்லை, அவரும் தெரிந்தேதான் கேட்கவில்லை என்பது என் சந்தேகம். அட்டவணைக்குத் தனியாகக் கேட்டதற்கு, "அதெல்லாம் ரேட்டுக்குள்ள வராதா?" என்றார். எழுத்தில் என்னிடம் இருந்தது "2 ரூபாய்" என்ற ஒரே வரிதான். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இப்போதெல்லாம் ரேட் கேட்டு யார் வந்தாலும் இதைத்தான் அனுப்புகிறேன்:

"வணக்கம். கோப்பைப் பார்த்துவிட்டு மொத்தத் தொகையாகச் சொல்கிறேன். முழுக் கோப்பு, வேர்டு வடிவம் இருந்தால் அதுவே, அனுப்ப முடியுமா? அச்சுக்கா, உள் உபயோகத்துக்கா? எப்போது வேண்டும்? பில் யார் பெயரில் போட வேண்டும்?"

கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே வேலை கொடுக்க வருகிறவர் கம்பெனிப் பெயரையும் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதையும் அனுப்பிவிடுவார். இடைத்தரகராக இருந்தால் "முதல்ல ரேட் சொல்லுங்க" என்று அதே இடத்தில் நிற்பார். அவருக்குத் தேவை வேறு ஆளிடம் காட்டிப் பேரம் பேச ஒரு எண். ஒருவேளை இன்னும் கைக்கு வராத வேலைக்கு அவரே விலை கேட்டுக்கொண்டிருப்பார். முழுக் கோப்பு தராமல் "சாம்பிளுக்கு நாலு பக்கம்" என்கிறவர்களும் உண்டு. அதற்கும் காசு என்றதும் பலர் காணாமல் போகிறார்கள்.

பதில் வந்தால்தான் தொகை. அதிலும் ஆங்கில வார்த்தைக் கணக்கு, அட்டவணைக்குத் தனி, ஒரு முறை திருத்தம், பாதி முன்பணம் என்று ஒரே செய்தியில் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் அதே மோட்டார்க்காரர் வேறு எண்ணிலிருந்து வந்தார். புகைப்படம் அதேதான். அந்த நான்கு கேள்வியையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் மட்டும் இன்னும் வரவில்லை.