பென்சில் வளைகோடா, கணினி வளைகோடா? ஊட்டியில் ஒரு மக்னீசியம் கணக்கு

ஜூலை மாதம் ஊட்டியில் காலைப் பத்து மணிக்கும் ஆய்வகத்துக்குள் 15 டிகிரிதான் இருக்கும். அப்படி ஒரு நாளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வினைவேகம் பரிசோதனை வைத்தேன். 0.06 கிராம் மக்னீசியம் நாடா, 50 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் (0.5 மோலார்), குடுவையோடு இணைத்த 100 மி.லி. வாயு சிரிஞ்ச். நாடாவைப் போட்டதும் தக்கையை அடைத்துவிட்டு, 20 விநாடிக்கு ஒருமுறை ஹைட்ரஜன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு மேசை கிராஃப் ஷீட்டில் வரைந்தது. அடுத்த மேசை மடிக்கணினியில் விரிதாளைத் திறந்தது. ஒரே எண்களை வைத்து இரண்டு பேரும் வரைந்த படங்கள் ஒன்றுபோல் இல்லை. எது சரி, எங்கே சரி என்பதுதான் இங்கே பேச்சு.

எண்கள் இவை:

| நேரம் / விநாடி | கன அளவு / மி.லி. |
|---|---|
| 0 | 0 |
| 20 | 15 |
| 40 | 29 |
| 60 | 41 |
| 80 | 44 |
| 100 | 60 |
| 120 | 67 |
| 140 | 71 |
| 160 | 74 |
| 180 | 75 |
| 200 | 75 |
| 220 | 75 |

அட்டவணையில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் தீர்மானிக்கிற அளவு, அதாவது நேரம், முதல் பத்தியில். சிரிஞ்சில் பார்த்துப் படிப்பது அடுத்த பத்தியில். அலகு தலைப்பில் ஒரே ஒருமுறை வரும், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் "மி.லி." என்று ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. கணினியில் அப்படி ஒட்டினால் இன்னொரு தொல்லை: அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும், படத்தில் அந்தப் புள்ளி ஒழுங்காக விழாது. கணினியின் கெட்ட பழக்கம் ஒன்றும் உண்டு. பியூரெட்டில் 24.50 என்று படித்து உள்ளிட்டால் அது 24.5 என்று காட்டும். கடைசிப் பூஜ்யம் அலங்காரத்துக்கு இல்லை, எவ்வளவு நுணுக்கமாகப் படித்தோம் என்பதைச் சொல்வது. கலத்தின் வடிவத்தை மாற்றி இரண்டு தசம இடம் வைத்தால்தான் அது திரும்பும். நோட்டில் எழுதுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

சரி, இப்போது படம். கிராஃப் ஷீட் மேசையில் முதல் பத்து நிமிடம் அளவுத்திட்டத்திலேயே போனது. 220 விநாடி, 75 மி.லி. இரண்டையும் தாளில் பெரிதாக விரிக்க வேண்டும். தாளைக் கிடைமட்டமாக வைத்து, x அச்சில் 1 செ.மீ.க்கு 10 விநாடி, y அச்சில் 1 செ.மீ.க்கு 5 மி.லி. என்று எடுத்தார்கள். 22 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம், தாள் நிறைந்துவிட்டது. இதற்கு முன்னால் ஒரு பையன் "75-ஐத் தாளுக்குள் சரியாக அடக்க 1 செ.மீ.க்கு 4.7 வைக்கலாமா சார்?" என்று கேட்டான். வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் வகுத்துப் பார்த்தே குறிக்க வேண்டும், அதில் எங்காவது ஒன்று தப்பும். 1, 2, 5, 10 தாண்டிப் போகாமல் இருப்பதே நல்லது. அச்சின் பெயரும் அலகும் அட்டவணைத் தலைப்பில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும்: "நேரம் / விநாடி", "கன அளவு / மி.லி." தேர்வில் cm³ கேட்டால் அப்படியே எழுதிக்கொள்ளலாம், இரண்டும் ஒரே அளவுதான்.

கணினி மேசையில் இந்தப் பத்து நிமிடமும் மிச்சம். ஆனால் படம் பத்து விநாடியில் வந்ததே தவிர, அச்சில் பெயரும் இல்லை, அலகும் இல்லை. அது தானாக வராது, Axis Titles போய் நாமே எழுத வேண்டும். அதைவிடப் பெரிய பள்ளம் படத்தின் வகையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பட்டியலில் Line என்று ஒன்று இருக்கும், பெயரைப் பார்த்து அதைத்தான் எல்லோரும் அழுத்துவார்கள். அது நேரத்தை எண்ணாகப் பார்ப்பதில்லை, வெறும் பெயர்ப்பலகையாகவே பார்க்கிறது. 20, 40, 60 என்று சம இடைவெளியில் எடுத்திருந்தால் தப்பு வெளியே தெரியாது. 140-ஐத் தவறவிட்டு 120-க்கு அடுத்து 160 எழுதியிருந்தால், அந்த 40 விநாடியையும் 20 விநாடி அகலத்திலேயே போட்டுவிடும், கோடு அங்கே பொய்யாகச் செங்குத்தாகும். வேண்டியது Scatter, அதிலும் புள்ளிகள் மட்டும் உள்ளது.

அப்புறம் வளைகோடு. 80-ஆவது விநாடியில் 44 என்பதைப் பாருங்கள். 41-க்கும் 60-க்கும் நடுவே 51 அளவில் வந்திருக்க வேண்டியது. அந்த நேரம் சிரிஞ்சின் தண்டு சிக்கியிருந்தது. ஈரப் பருவத்தில் கண்ணாடிக்கும் தண்டுக்கும் நடுவே ஈரம் படிந்தால் இப்படி ஒட்டும், பிறகு திடீரென்று விடும். சிக்கல்தான் என்று எப்படித் தெரியும்? அடுத்த அளவான 60 பழைய வளைவுப் பாதைக்கே திரும்பிவிட்டது. வாயு கசிந்திருந்தால் அதற்குப் பிறகு எல்லா எண்ணுமே தாழ்ந்து போயிருக்கும்.

பென்சில் வைத்திருந்த பெண் அந்தப் புள்ளியை வட்டமிட்டு, "தண்டு சிக்கியது" என்று ஓரத்தில் எழுதிவிட்டு, மற்ற புள்ளிகளை ஒட்டி ஒரே வீச்சில் வளைத்தாள். தாளைத் திருப்பி வைத்து, வளைவின் உட்பக்கம் கை இருக்கும்படி வரைந்தால் மணிக்கட்டே காம்பஸாகிவிடும். வெளிப்பக்கம் கையை வைத்தால் கோடு தள்ளாடும். புள்ளிகள் கோட்டின் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழ வேண்டும், கடைசி மூன்று 75-க்கும் கோடு தட்டையாகப் படுக்க வேண்டும்.

கணினியில் Smooth Lines வைத்த படம் எல்லாப் புள்ளியையும் தொட்டது. தொட்டதுதான் குற்றம். 80-இல் ஒரு பள்ளம், அதற்கு இரு பக்கமும் ஒரு மேடு, கோத்தகிரிச் சாலை மாதிரி. வழவழப்பாக இருப்பதும் பொருத்தமாக இருப்பதும் வேறு வேறு. அந்தக் கோட்டை நம்பினால் மக்னீசியம் 60-இல் களைத்து, 90-இல் மறுபடி சுறுசுறுப்பானது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"அப்போ Trendline போடலாமே சார்" என்றான் அந்த மேசைக்காரன். போட்டோம், Polynomial, Order 2. பொருத்தத்தைச் சொல்லும் R² 0.994 காட்டியது, ஒன்றுக்கு மிக அருகில். பையனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்: 193 விநாடி அருகே 76-ஐத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கி, 220-இல் 74.6-க்கு வந்துவிட்டது. சின்ன இறக்கம்தான், திரையில் கண்ணுக்குத் தப்பும். Forecast பெட்டியில் Forward 80 கொடுத்து 300 விநாடி வரை நீட்டினேன். கோடு 53 மி.லி.க்கு இறங்கியது. 22 மி.லி. ஹைட்ரஜன் எங்கே போனது? அமிலத்துக்குள் திரும்பிப் போகாது. இருபடிக் கோவைக்கு ஏறி இறங்கத்தான் தெரியும், ஏறி நிற்கத் தெரியாது. மக்னீசியம் தீர்ந்ததும் கோடு நின்றுவிட வேண்டும் என்பது வேதியியல். R² அதைப் பார்ப்பதில்லை, புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை மட்டுமே பார்க்கிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்ப வேகத்தைக் கேட்டால் அந்த Trendline அவ்வளவு மோசமில்லை. தொடக்கத்தில் அதன் சாய்வு விநாடிக்கு 0.79 மி.லி. பென்சில் படத்தில் தொடக்கப் புள்ளியில் தொடுகோடு வரைந்தோம், அது (0, 0), (100, 77) வழியாகப் போனது, சாய்வு 0.77. தொடுகோட்டை நீளமாக இழுத்ததால்தான் இந்த அளவு நெருக்கம். 20 விநாடிக்குள் குட்டி முக்கோணம் வரைந்திருந்தால் அரை மி.லி. பிசகினாலும் விடை ஆடிப்போகும். பக்கத்து மேசையில் பென்சில் மொண்ணையாக இருந்ததால் 0.72 வந்தது. கை வேலையில் இந்த ஆட்டம் இருக்கவே செய்யும்.

கணினி தெளிவாக ஜெயிப்பது நேர்கோட்டில். அமிலத்தின் செறிவை மாற்றி மாற்றி ஆரம்ப வேகத்தைக் கண்டு, இரண்டையும் படமாக்கும்போது நேர்கோடு எதிர்பார்க்கலாம் என்றால், ஸ்கேலை வைத்துக் கண்ணால் இழுப்பதைவிட Trendline-இல் Linear நல்லது. அங்கேயும் சிக்கிய புள்ளி கணக்கில் சேர்ந்து கோட்டைத் தன் பக்கம் இழுக்கும். அழிக்க வேண்டாம், வேறு பத்தியில் தனித் தொடராகப் போட்டால் படத்தில் தெரியும், பொருத்தத்தில் சேராது.

இந்த வளைகோட்டுக்கு நான் இப்போது செய்யச் சொல்வது இரண்டும் கலந்தது. Scatter-இல் புள்ளிகள் மட்டும், அச்சுப் பெயர், அலகு, நெருக்கமான கட்டக்கோடுகள். முழுத்தாளில் அச்செடுத்து, வளைவைப் பென்சிலால் வரைவது. தேர்வறையில் கிராஃப் ஷீட்தான் கையில் இருக்கும் என்பதால் இரண்டாம் முறை அதிலும் ஒன்று.

கிராஃப் ஷீட் மேசையில் நடந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அந்தப் பெண் முதலில் வரைந்த கோடு 75-இல் படுக்கவில்லை. 160-க்கு மேல் புள்ளிகளை விட்டுக் கீழே வளைந்து 59-இல் முடிந்திருந்தது. "ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்று புத்தகத்தில் இருக்கு சார், 0.06 கிராமுக்கு 59 தானே வரணும்? எங்களுடையதுதான் தப்பு" என்றாள். கணக்கு தப்பில்லை. 24 லிட்டர் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு, சுமார் 20 டிகிரிக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் 78 கிலோபாஸ்கல் அளவில்தான். இந்த அழுத்தத்துக்கும் 15 டிகிரிக்கும் ஒரு மோல் கிட்டத்தட்ட 30.7 லிட்டர் பிடிக்கும். 0.06 கிராம் மக்னீசியம் என்பது 0.00247 மோல், அதனால் பெருக்கினால் 76 மி.லி. தக்கையை அடைப்பதற்குள் கொஞ்சம் தப்பியிருக்கும், 75 வந்தது. இதே நாடாவைக் கோயம்புத்தூரில் 30 டிகிரியில் போட்டால் 64 அளவில் நிற்கும்.

பழைய கோட்டை ரப்பரால் அழித்தாள். மழைக்காலத் தாள் ஈரத்தில் ஊறியிருந்ததால் 59 இருந்த இடத்தில் தோல் உரிந்து, அந்தக் கட்டங்கள் மட்டும் வெளிறிப்போயின. அதற்கு மேலே 75-இல் புதிய கோடு.