புது ஊர் சலூன்காரருக்கு அனுப்பிய மெசேஜ்: 14 மாதத்துக்குப் பிறகு

நண்பன் ஒருவனுக்கு ஓசூருக்கு மாற்றல். "நீ சென்னைக்குப் போன புதுசுல சலூன்காரருக்கு எப்படி வெட்டணும்னு ஒரு மெசேஜ் அனுப்பினியே, அதை எனக்கும் தட்டிவிடு" என்றான். தேடி எடுத்து அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அதை அப்படியே நம்பிப் போனால் அவனும் என்னைப்போல மூன்று வாரம் தொப்பியோடு அலைவான்.

முதலில் அனுப்பியது இதுதான்: "அண்ணே, ஞாயிறு காலை 8 மணிக்கு வர்றேன். சைடும் பின்பக்கமும் 3ஆம் நம்பர். மேலே கத்திரி மட்டும். இடது வகிடு. கிருதா காது நடுவரைக்கும்."

மதுரையில் பல வருடம் "மூணு" என்று ஒரே சொல்லில் முடித்துவந்த ஆள் நான். அங்கே ஒயர் வைத்த மிஷின். அதில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பில் ஒவ்வொரு நம்பரும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் கிட்டத்தட்ட 10. சென்னை அண்ணன் கையில் இருந்ததோ சார்ஜ் போடும் டிரிம்மர். அதில் எழுதியிருப்பது நேரடியாக மில்லிமீட்டர். அவர் 3 வைத்தார். நான் சொன்னதைத்தான் செய்தார், குறை சொல்ல வழியில்லை. வலது காதுக்கு மேல் முதல் ஓட்டு ஓடியதும் கண்ணாடியில் மண்டைத்தோல் வெளுத்துத் தெரிந்தது. ஒரு பக்கம் அப்படி ஆன பிறகு மறுபக்கத்தை மட்டும் எப்படி விடுவது? முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். போன 7 மில்லிமீட்டர் திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

அடுத்த மாதம் மெசேஜை மாற்றினேன். "சைடும் பின்பக்கமும் 10 மில்லிமீட்டர். முதல்ல 13 வச்சு பிடரியில ஓட்டிப் பாருங்க, பார்த்துட்டு இறக்கிக்கலாம். மேலே முன்பக்கம் மூணு விரல் நீளம். உச்சியில ரெண்டு சுழி இருக்கு, அங்க மட்டும் அரை விரல் கூட விடுங்க." பிடரியில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம், தப்பு நடந்தாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் சட்டென்று படாது. சுழியைச் சொன்னதற்குக் காரணம், அங்கே முடி படியாது. குட்டையாக வெட்டினால் கோழிக்கொண்டை மாதிரி நின்றுவிடும். (இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். ஒன்றுக்கே முடி கொட்டுகிறது.)

இந்த இரண்டாவது மெசேஜ் நன்றாகவே வேலை செய்கிறது. 14 மாதமாகச் சைடு ஒருமுறைகூடப் பிசகவில்லை. புது பிளேடைக் கண்முன்னே உடைத்து மாட்டுகிறார். பின்கழுத்தில் பட்டையாகக் கோடு போடாமல் முடி இயல்பாக முடியும் இடத்திலேயே மெலிய விட்டுவிடுகிறார், அதனால் மூன்றாவது வாரத்திலும் அசிங்கமாகத் தெரிவதில்லை. மதுரைக்காரர்கூட இதை இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

ஆனால் அந்தத் தின்னிங் கத்திரி இருக்கிறதே! ஒரு பக்கம் பல் வைத்த அந்தக் கத்திரியைக் கடைசியில் எடுத்து உச்சியில் நாலு நறுக்கு நறுக்காமல் அவருக்கு வேலை முடிந்த திருப்தி வராது. அன்றைக்குத் தலை லேசாக, அழகாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து நடுநடுவே குட்டையாகப் போன முடியெல்லாம் விறைத்துக்கொண்டு நீளமுடியைக் கீழிருந்து தூக்கும். அதுவும் சரியாகச் சுழியில். அரை விரல் கூட விடச் சொன்னதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

வாயால் நாலு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவதாக ஒரு மெசேஜும் போட்டேன்: "அண்ணே, தின்னிங் வேண்டவே வேண்டாம்." கட்டைவிரல் உயர்த்திய பொம்மை வந்தது. போன ஞாயிறு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன், உச்சியில் கரக் கரக் என்று அதே சத்தம். கண்ணைத் திறந்தால், "கொஞ்சம்தான் சார், வெயிட் எடுக்குறேன்" என்கிறார்.

ஓசூர் போகிறவனுக்கு: இரண்டாவது மெசேஜை எடுத்துக்கொள், அதோடு தின்னிங் வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே போடு. அப்படியும் கத்திரி மேலே வந்தால் கையைப் பிடி. எனக்கு வாய்த்தவருக்கு மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு 8 மணிக்கு அவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.