பிரேக்கா, புகையா: எஃப்1 காரின் இரண்டு மோட்டார்கள்

2014 முதல் 2025 வரை எஃப்1 பந்தயக் கார்களில் மின்சாரம் சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. எம்ஜியு-கே என்ற மோட்டார்-ஜெனரேட்டர் எஞ்சினின் கிராங்க் தண்டோடு இணைந்தது. ஓட்டுநர் பிரேக் மிதித்ததும் அது ஜெனரேட்டராக மாறி, பின்சக்கரங்களின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். வேகமெடுக்கும்போது அதுவே மோட்டாராகி 120 கிலோவாட் வரை தள்ளும்.

இன்னொன்றான எம்ஜியு-எச், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவின் தண்டில் உட்கார்ந்திருக்கும். சூடான புகை டர்பைனைச் சுழற்றும்போது மிஞ்சும் ஆற்றலை அது அள்ளிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது எச் தான். காரணம் அன்றைய விதிக் கணக்கில் இருக்கிறது. கே ஒரு சுற்றில் பேட்டரிக்குத் தரக்கூடியது 2 மெகாஜூல். 120 கிலோவாட்டில் செலவழித்தால் பதினாறு, பதினேழு விநாடியில் தீர்ந்துவிடும். எச்சுக்கு உச்சவரம்பே இல்லை. பேட்டரியைத் தொடாமல் நேராக கேயை ஓட்டவும் செய்யலாம். டர்போவை முன்கூட்டியே சுழற்றி, அது வேகமெடுக்க ஆகும் தாமதத்தையும் போக்கும்.

ஆனால் கே படுத்தால் பிரேக்கும் திண்டாடும். 2014 கனடா பந்தயத்தில் இரண்டு மெர்சிடிஸ் கார்களிலும் கே செயலிழந்தது. பின்சக்கர பிரேக்கின் முழுச் சுமையும் டிஸ்க்குகளில் விழ, அவை கொதித்து, அந்த இரு கார்களில் ஒன்றை ஓட்டிய ஹாமில்டன் விலகினார்.

இருந்தும் 2026 விதிகளில் நீக்கப்பட்டது எச்தான். சிக்கலானது, செலவும் அதிகம். கே மட்டும் 350 கிலோவாட்டாக வளர்ந்திருக்கிறது.